ஷேடோயிங் செய்தும் "வெட்டுங்கள்" என்றுதான் காதில் விழுகிறதாம்: ஜப்பானிய உச்சரிப்பும் வார அட்டவணையும்

அம்பை_வடகரை · 9 ஜூன் 2025, இரவு 9.40

ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆறு வாரமாக ஷேடோயிங். ஆடியோவை ஓடவிட்டு, நிறுத்தாமல், அரை நொடி பின்னால் நிழல் மாதிரி கூடவே சொல்லிக்கொண்டு போவது. தினமும் ஒரு மணி நேரம். வேகம் வந்துவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இன்று வகுப்பில் சட்டை மாட்டிவிடும் பயிற்சி. வாதம் வந்த கை இடது என்றால் அந்தக் கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும். "இடதிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஜப்பானியத்தில் சொன்னேன். ஆன்லைனில் இருந்த ஜப்பானிய ஆசிரியை சிரித்துவிட்டார். அவர் காதில் "இடதிலிருந்து வெட்டுங்கள்" என்று விழுந்திருக்கிறது. மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

நோட்டைப் பார்த்தேதான் சொன்னேன், ஒரு எழுத்து மாறவில்லை. ஆறு வாரம் செய்தும் இப்படி என்றால் இந்த ஷேடோயிங் உதவுமா உதவாதா? ஒழுங்கான வார அட்டவணை யாரிடமாவது இருக்கிறதா?

மேலப்பாளையம்_ரைடர் · 9 ஜூன், இரவு 10.15

ஒரு மணி நேரம் போதாது, இரண்டு மணி நேரம் செய். அனிமே போடு, வேகத்தைப் பாதியாகக் குறை, எல்லாம் தெளிவாகக் கேட்கும். ஜப்பானியத்தில் இருக்கிற சத்தமெல்லாம் தமிழிலேயே இருக்கிறது. குறில் நெடில் கூட அப்படியே. இங்கிலீஷ்காரன்தான் அதற்குக் கஷ்டப்படுவான், நமக்கு அது பிறவி வரம்.

வள்ளியூர்_சிஸ்டர் · 10 ஜூன், காலை 6.05

ஷேடோயிங் என்றால் சீனியர் பின்னாலேயே வார்டு வார்டாகச் சுற்றுவது என்றுதானே எங்கள் ஆஸ்பத்திரியில் சொல்வார்கள்? அதை வீட்டிலிருந்து எப்படிச் செய்கிறீர்கள்? நைட் டியூட்டி முடிந்து படிக்கிறேன், தலைப்பைப் பார்த்ததும் யாரோ யாரையோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

பாளை_துபாஷி · 10 ஜூன், காலை 8.30

சிஸ்டர், இது வேறு. ஒருவர் பேசப் பேசக் கூடவே மொழிபெயர்க்கிறவர்களைத் தயார் செய்யும் பழைய பயிற்சி இது. காது ஒரு பக்கம் வேலை செய்யும்போது வாயும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஜப்பானிய இன்ஜினியர்களுக்குப் பதினோரு வருஷம் துபாஷியாக இருந்தேன், அதனால் தெரியும்.

தம்பி, ஒரே ஒரு கேள்வி. நோட்டில் அந்தச் சொல்லை எந்த எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாய்? அப்படியே இங்கே போடு.

அம்பை_வடகரை · 10 ஜூன், மதியம் 1.20

தமிழில்தான் அக்கா. "ஹிதரி கர கித்தெ குதசை". ஹிரகனா வாசிக்கத் தெரியும், ஆனால் வேகமாக வராது. அதனால் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக்கொண்டுவிடுவேன்.

பாளை_துபாஷி · 10 ஜூன், இரவு 9.00

அங்கேதான் கத்தரிக்கோல் இருக்கிறது.

"கிதெ" என்று ஒற்றைத் தகரம் போட்டு எழுதினால் தமிழ் வாய் அதை எப்படிப் படிக்கும்? "அது", "இது", "கதை" என்பதில் வருகிற மெத்தென்ற த. நம்மிடம் ஒரு விதி ரத்தத்தில் ஊறியிருக்கிறது. க, த, ப போன்ற எழுத்துகள் சொல்லின் முதலில் வந்தால் வன்மையாக ஒலிக்கும், நடுவில் ஒற்றையாக வந்தால் மெத்தென்று ஆகிவிடும், நடுவிலும் வன்மையாக வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும். "பத்து" என்று இரட்டித்தால்தான் வன்மை. நடுவில், ஒற்றையாக, வன்மையாக என்று ஒரு த நம் பேச்சில் கிடையாது. ஜப்பானியத்தில் அதுதான் தடுக்கி விழுகிற இடமெல்லாம் இருக்கிறது.

உனக்கு அது மெத்தென்று வரக்கூடாது என்று தெரிந்திருக்கிறது. அதனால் நோட்டில் இரட்டித்துவிட்டாய். இரட்டித்தால் அது வேறு சொல். ஒற்றை என்றால் "போட்டுக்கொள்ள", இரட்டை என்றால் "வெட்ட". ரைடர் சொன்ன பிறவி வரத்தில் பாதி சரி. நெடில், இரட்டை இரண்டும் நமக்குத் தானாக வரும். நமக்குக் கஷ்டம் ஒற்றையில்தான்.

இதே மாதிரி இன்னொரு மூன்று சொல் உண்டு. நடுவில் வன்மையான ஒற்றைக் க என்றால் ஒரு பழம். மெத்தென்ற க என்றால் சாவி. இரட்டை என்றால் உற்சாகம், களை. தமிழில் எழுதிப் பார், முதல் இரண்டும் "ககி", மூன்றாவது "கக்கி". பழத்தை எழுத இடமே இல்லை.

அம்பை_வடகரை · 10 ஜூன், இரவு 11.10

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நாற்பது பக்கம். எல்லாப் பக்கத்திலும் இரட்டித்திருக்கிறேன். ஆறு வாரமாக நான் ஆடியோவுக்கு நிழலாக இல்லை, என் நோட்டுக்குத்தான் நிழலாக இருந்திருக்கிறேன்.

சேரை_தமிழய்யா · 11 ஜூன், காலை 7.15

இந்த விவாதத்தில் நானும் நுழையலாமா என்று தெரியவில்லை, ஜப்பானியம் ஒரு சொல்லும் அறியேன். ஆனால் நீங்கள் பேசுவது மாத்திரைக் கணக்கு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. கண் இமைப்பதும் கை நொடிப்பதும்தான் மாத்திரை என்று தொல்காப்பியம் சொல்கிறது. பையன் கைநொடித்துப் பழகினால் போதும். ஒற்றைக்கு இரண்டு, இரட்டைக்கு இரண்டரை.

பாளை_துபாஷி · 11 ஜூன், இரவு 8.45

அய்யா, கைநொடி சரி, கணக்குதான் மாறுகிறது. ஜப்பானியத்தில் ஒற்றுக்கு அரை கிடையாது, முழு ஒன்று. "கி-தெ" இரண்டு தட்டு, "கி-த்-தெ" மூன்று தட்டு. ன் என்ற ஒற்றும் தனியாக ஒரு தட்டு. கடைசியில் வருகிற "குதசை"யை நாம் ஐகாரக் குறுக்கமாக மூன்றே தட்டில் முடித்துவிடுவோம். அங்கே அது "கு-த-ச-இ", நான்கு. ஆக "போட்டுக்கொள்ளுங்கள்" ஆறு தட்டு, "வெட்டுங்கள்" ஏழு தட்டு. எல்லாத் தட்டும் ஏறக்குறைய ஒரே நீளம். இந்தத் தட்டு சாதாரணப் பேச்சில் நொடிக்கு ஏழெட்டு ஓடும், அதனால்தான் கேட்கும்போது தையல் மிஷின் மாதிரி இருக்கும்.

தம்பிக்கு அந்த ஒற்றை வன்மையை வரவைக்கும் வழி. சொல்லை இரண்டாக உடைத்துவிடு. "கி" என்று சொல்லி நிறுத்து. புதுச் சொல் ஆரம்பிக்கிற மாதிரி "தெரு"வில் வருகிற "தெ" சொல்லு. முதலெழுத்து என்பதால் அது தானாக வன்மையாக வரும். இப்போது நடுவில் இருக்கிற இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. விரலைத் தொண்டையில் வைத்துக்கொள். நாக்கு பல்லில் ஒட்டியிருக்கும் அந்தக் கணத்தில் தொண்டை அதிரக்கூடாது. அதிர்ந்தால் மெத்தென்று ஆகிவிட்டது. அதிரவில்லை, ஆனால் நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் இரட்டித்துவிட்டாய்.

மேலப்பாளையம்_ரைடர் · 11 ஜூன், இரவு 9.30

அதற்குத்தான் பாதி வேகத்தில் போடு என்றேன், மெதுவாகக் கேட்டால் ஒற்றையா இரட்டையா தெரியும்லா.

பாளை_துபாஷி · 11 ஜூன், இரவு 10.00

தெரியாது. வேகத்தைப் பாதியாக்கினால் நாக்கு ஒட்டியிருக்கும் மௌனமும் இரண்டு மடங்காக நீளும். ஒற்றை இரட்டை மாதிரி காதில் விழும். இரட்டை எப்படியும் ஒற்றையைப் போல் இரண்டு மூன்று பங்கு நீளம், வழக்கமான வேகத்திலேயே வித்தியாசம் கேட்கும். முடியவில்லை என்றால் 0.85 வரை குறைக்கலாம், அதற்குக் கீழே போனால் தாளம் செத்துவிடும்.

அனிமே பார்க்கலாம், நானும் பார்ப்பேன். ஆனால் அதில் வருகிற சண்டைக்காரப் பையன் பேச்சை நிழலெடுத்துவிட்டு எண்பது வயதுப் பாட்டியிடம் பேசினால், நம் ஊரில் பெரியவரைப் பார்த்து "ஏல, இங்கன வா" என்கிற மாதிரி இருக்கும்.

அம்பை_வடகரை · 12 ஜூன், இரவு 9.15

சாயங்காலம் ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்து தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு "கி... தெ, கி.. தெ" என்று அரை மணி நேரம். துணி துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி, "என்னய்யா, தொண்டையில முள்ளு மாட்டிக்கிட்டா?" என்று கேட்டு வாழைப்பழம் வாங்கித் தின்னச் சொன்னார்.

தனியாகச் சொன்னால் வருகிறது. வாக்கியத்தில் வைத்தால் பழைய கத்தரிக்கோல். அக்கா, அட்டவணை.

பாளை_துபாஷி · 13 ஜூன், மதியம் 2.40

ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு துண்டு ஆடியோ. இருபது, இருபத்தைந்து நொடிக்கு மேல் வேண்டாம். எழுத்து வடிவமும் கூட இருக்க வேண்டும். இரோதோரி பாடப்புத்தகத்தின் ஆடியோ இலவசமாகக் கிடைக்கிறது, அதில் உன் மட்டத்துக்கு ஒரு படி கீழே உள்ள உரையாடலை எடு. அர்த்தம் முழுக்கப் புரிய வேண்டும். புரியாத வாக்கியத்தை நிழலெடுத்தால் கிளிப்பிள்ளைதான். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், ஒரு மணி நேரம் இல்லை. களைத்த வாய் பழைய பழக்கத்துக்குத்தான் திரும்பும்.

திங்கள் அன்று வாயைத் திறக்காதே. எழுத்தைப் பார்க்காமல் பத்துத் தடவை கேள், விரலால் மேசையில் தட்டு. பிறகு ஹிரகனா வடிவத்தை எடுத்து, தட்டு சரியாக இருந்ததா என்று எண்ணிப் பார். தப்பிய இடத்தில் பென்சிலால் வட்டம் போடு. அந்த வாரத்தின் வேலை அந்த வட்டங்கள்தான்.

செவ்வாய், எழுத்தைப் பார்த்துக்கொண்டு ஆடியோவோடு சேர்ந்தே வாசி, பின்னால் இல்லை, கூடவே. முந்தினால் ஏதோ ஒரு தட்டை விழுங்கிவிட்டாய், பிந்தினால் எங்கோ ஒன்றைச் சேர்த்துவிட்டாய். புதன், எழுத்து கிடையாது, சொற்களும் கிடையாது. வாயை மூடி முனகிக்கொண்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் பின்தொடர். வியாழன்தான் உண்மையான ஷேடோயிங். எழுத்து இல்லாமல், அரை நொடி பின்னால். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டு, மற்றக் காதில் உன் குரல் கேட்க வேண்டும்.

வெள்ளி, உன் குரலைப் பதிவு செய். மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். சனி, பதிவில் கெட்ட இடங்கள் மட்டும். ஞாயிறு சும்மா இரு.

அம்பை_வடகரை · 20 ஜூன், இரவு 10.30

முதல் வாரம் முடியப்போகிறது. 22 நொடி ஆடியோ. அதில் எட்டு வட்டம்.

திங்கள் கஷ்டமாக இருந்தது, வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. புதன் எனக்குச் சரிப்படவில்லை. முனகும்போது நம்மூர் ராகம் ஏறிவிடுகிறது, கேள்வி வந்தால் கடைசி எழுத்தை இழுத்துவிடுகிறேன். அம்மா உள்ளே இருந்து "யார்கிட்டல சண்ட போடுத?" என்றாள்.

வெள்ளி பதிவைத்தான் எப்படிச் சோதிப்பது என்று தெரியவில்லை. எனக்கு என் பதிவு சரியாகத்தான் கேட்கிறது. முன்பும் அப்படித்தான் கேட்டது.

பாளை_துபாஷி · 21 ஜூன், காலை 9.10

காதை நம்பாதே, கண்ணால் பார். கம்ப்யூட்டரில் Audacity இலவசம். மூல ஆடியோவை மேலேயும் உன் பதிவைக் கீழேயும் போட்டு, அந்தச் சொல்லை மட்டும் பெரிதாக்கு. வன்மையான த வருகிற இடத்தில் அலை படுத்து, தட்டையான கோடாகிவிடும், பிறகு சட்டென்று எழும். கோடு படுக்காமல் சின்னச் சின்ன நெளிவு ஓடினால் உன் தொண்டை அதிர்ந்திருக்கிறது, மெத்தென்று சொல்லிவிட்டாய். படுத்த கோடு மூலத்தைப் போல் இரண்டு மடங்கு நீளமாக இருந்தால் இரட்டிப்பு. ஃபேன் சத்தத்தில் பதிவு செய்யாதே, கோடு எங்கேயுமே படுக்காது.

அம்பை_வடகரை · 22 ஜூன், மதியம் 12.15

ஞாயிறு சும்மா இருக்கச் சொன்னீர்கள், இருக்க முடியவில்லை. ஃபேனை அணைத்துவிட்டு, சாரத்தோடு வியர்த்துக்கொண்டு பார்த்தேன். மூன்று பதிவு. முதலாவதில் கோடு படுத்திருக்கிறது, ஆனால் நீளம் மூலத்தைப் போல் இரண்டரை மடங்கு, அதாவது வெட்டு. இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் அவசரப்பட்டேன், கோடு படுக்கவே இல்லை, நெளிவு. அது எந்தச் சொல்லும் இல்லை.

10ஆம் தேதி நோட்டுதான் காரணம் என்று எழுதினேன். அது பாதிதான். இந்த வாரம் நோட்டைத் தொடவே இல்லை, ஆனாலும் வாய்க்கு இரண்டு பெட்டிதான் இருக்கிறது, மெத்து அல்லது இரட்டை. மூன்றாவது பெட்டியைச் செய்தாக வேண்டும்.

வள்ளியூர்_சிஸ்டர் · 22 ஜூன், இரவு 8.20

நான் ஜெர்மன் படிக்கிறேன், இந்த அட்டவணை எனக்கும் ஆகுமா? இந்த மாத்திரை விஷயம் அங்கே இருக்கிற மாதிரித் தெரியவில்லை. ஒரு சொல்லில் ஒரு இடத்தை அழுத்தி மற்றதை விழுங்குகிறார்கள்.

பாளை_துபாஷி · 22 ஜூன், இரவு 9.00

கிழமைகள் ஆகும், தட்டு ஆகாது. அங்கே ஒவ்வொரு அசைக்கும் தட்டாமல் அழுத்தம் விழுகிற இடத்தில் மட்டும் தட்ட வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஜெர்மன் தெரியாது.

சேரை_தமிழய்யா · 24 ஜூன், காலை 6.50

ஒற்றுக்கு அரை என்பதில் எனக்கே இப்போது சந்தேகம். "பத்து" என்று சொல்லி நானும் நொடித்துப் பார்த்தேன். அந்த ஒற்று அரை நொடிப்பில் அடங்குவதாகத் தெரியவில்லை. இலக்கணக் கணக்கும் வாயின் கணக்கும் ஒன்றா என்று முப்பது வருஷம் பாடம் நடத்தியும் நொடித்துப் பார்த்ததில்லை.

அம்பை_வடகரை · 6 ஜூலை, இரவு 9.50

மூன்று வாரம். ஆசிரியையிடம் ஒரு சோதனை கேட்டேன். பத்துச் சீட்டு, ஐந்தில் "போட்டுக்கொள்ளுங்கள்", ஐந்தில் "வெட்டுங்கள்". குலுக்கி எடுத்து, கேமராவை அணைத்துவிட்டு வாசித்தேன். அவர் காதில் விழுந்ததை எழுதினார். முதல் தடவை பத்தில் ஆறுதான் பொருந்தியது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே ஐந்து வந்துவிடும், ஆகவே ஆறு ஒன்றும் இல்லை. இன்று ஒன்பது.

எது உதவியது என்று கேட்டால் வியாழன் இல்லை, திங்களும் சனியும்தான். சனிக்கிழமை பின்னாலிருந்து கட்டினேன். முதலில் "தெ குதசை" மட்டும், த முதலெழுத்தாக இருப்பதால் வன்மை தானாக வரும். அது உருண்டதும் முன்னால் "கி"யை லேசாக ஒட்டினேன். கடைசியில்தான் "ஹிதரி கர". முன்னாலிருந்து சொன்னால் வேகத்தில் பழைய பெட்டிக்குள் விழுந்துவிடுகிறது.

புதன் முனகலை விட்டுவிட்டேன். அக்கா திட்டினாலும் சரி.

மேலப்பாளையம்_ரைடர் · 7 ஜூலை, காலை 11.00

ஆனால் அதே சொல்லுக்கு "வாருங்கள்" என்றும் அர்த்தம் உண்டே? அதுவும் ஒற்றை த தானே. போட்டுக்கொள்ளுங்கள் என்பதற்கும் வாருங்கள் என்பதற்கும் எப்படி வித்தியாசம்? ஏற்ற இறக்கத்தில்தான். அதனால்தான் முதல் நாளிலிருந்தே சுருதி பார்க்க வேண்டும் என்கிறேன்.

பாளை_துபாஷி · 7 ஜூலை, இரவு 8.30

ரைடர் சொல்வது இந்தத் தடவை சரி. டோக்கியோ பேச்சில் "வாருங்கள்" என்றால் "கி" உயரத்தில் இருந்து "தெ" இறங்கும். "போட்டுக்கொள்ளுங்கள்" என்றால் "கி" தாழ்ந்து "தெ" ஏறும். OJAD என்று டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தளம் இருக்கிறது, வாக்கியத்தைக் கொடுத்தால் கோடு போட்டுக் காட்டும்.

முதல் நாளிலிருந்தே வேண்டும் என்பதில்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "வாருங்கள்" என்று சுருதி தப்பிச் சொன்னாலும் பாட்டி கையை நீட்டுவார். "வெட்டுங்கள்" என்றால் முழிப்பார். முதலில் தட்டு, பிறகு சுருதி. புதன்கிழமை முனகல் அந்தச் சுருதிக்குத்தான் தம்பி. விட்டுவிட்டாய், சரி, ஆறு மாசம் கழித்துத் திரும்பி வருவாய்.

மேலப்பாளையம்_ரைடர் · 7 ஜூலை, இரவு 9.05

தட்டு கெட்டிப்பட்ட பிறகு சுருதியை எங்கே ஏற்றுவது? நான் ஒத்துக்கொள்ளவில்லை. தவிர அவன் போகிற இடம் ஒசாகா பக்கம் என்றால் அங்கே சுருதியே வேறு. அப்போது எதைப் பிடிப்பது?

பாளை_துபாஷி · 8 ஜூலை, காலை 7.40

ஒசாகா கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் இன்ஜினியர்கள் பாதிப் பேர் அந்தப் பக்கம்தான், நான் டோக்கியோ சுருதியில் பேசுவேன், அவர்களுக்குப் புரியும், அவர்கள் தங்களுக்குள் பேசுவதுதான் எனக்குப் பாதி புரியாது.

அம்பை_வடகரை · 13 ஜூலை, இரவு 10.05

புது வாரம், புது ஆடியோ, கடைக் காட்சி. ஆயிரம் யென் என்பது "செ-ன்-எ-ன்", நான்கு தட்டு. என் வாயில் "செனென்", மூன்று. ன் மேல் எ ஏறி உட்கார்ந்துவிடுகிறது. தமிழய்யா, உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பே என்று ஒன்பதாம் வகுப்பில் நூறு தடவை எழுத வைத்தார்கள். இப்போது ஒன்றவிடாமல் தடுக்க வேண்டியிருக்கிறது. "புகைபிடிக்கக் கூடாது" என்கிற சொல்லிலும் இதேதான், ஒன்றிப்போனால் "நினைவுகூர்தல்" மாதிரி ஆகிவிடுகிறதாம்.

இதற்கும் பின்னாலிருந்து கட்டிப் பார்த்தேன். "என்" என்று தனியாக ஆரம்பித்து, முன்னால் "சென்" ஒட்டினால் திரும்பவும் ஏறிக்கொள்கிறது.

பாளை_துபாஷி · 14 ஜூலை, காலை 8.00

அந்த ன் நம் ன் இல்லை. நாக்கு நுனி மேலே ஒட்டவே கூடாது. ஒட்டினால்தான் எ அதைப் பிடித்துக்கொள்ளும். வாயைத் திறந்தபடி மூக்கால் மட்டும் ஒரு தட்டு இழு, பிறகு "எ". கண்ணாடியில் பார்த்துச் செய், நாக்கு கீழேயே கிடக்க வேண்டும்.

அம்பை_வடகரை · 14 ஜூலை, இரவு 9.25

கண்ணாடி முன்னால் வாயைத் திறந்துகொண்டு மூக்கால் இழுத்தேன். அம்மா வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கோட்டி கீட்டி பிடிச்சிருச்சா" என்று கேட்டு, கேஸ் சிலிண்டருக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுப் போனாள். அதை எண்ணும்போது நான்கு தட்டு வந்தது. திரும்பச் சொன்னேன், மூன்றுதான் வருகிறது.